ஏ/பி டெஸ்ட் முடிவை ப்ராடக்ட் மேனேஜருக்கு எந்தப் படத்தில் காட்டுவது?

ஒரு ஆன்லைன் கடையின் செக்அவுட் பக்கம். வாடிக்கையாளர் பின்கோடைப் போட்டதும் முகவரியைத் தானாக நிரப்பித் தரும் கட்டணச் சேவை ஒன்றைப் புதிய பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள். பழைய பக்கத்தை 20,000 பேருக்கும் புதிய பக்கத்தை 20,000 பேருக்கும் காட்டி, இரண்டு வாரம் ஏ/பி டெஸ்ட் ஓடி முடிந்துவிட்டது. பழையதில் 1,000 ஆர்டர், அதாவது 5.0%. புதியதில் 1,100 ஆர்டர், 5.5%. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் இந்த அளவு டிராஃபிக்கும் இந்த அளவு வித்தியாசமும் நடுத்தரக் கடைகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவைதான்.

இன்னும் இரண்டு தகவல் தேவை. அந்தப் பக்கத்துக்கு மாதம் ஏறக்குறைய 80,000 பேர் வருகிறார்கள். முகவரிச் சேவைக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அந்தச் செலவை ஈடுகட்ட மாதம் 160 ஆர்டராவது கூடுதலாக வர வேண்டும். 80,000 பேரில் 160 என்பது 0.2 சதவீதப் புள்ளி. ஆக, ப்ராடக்ட் மேனேஜருக்குத் தெரிய வேண்டியது “புதிய பக்கம் நல்லதா?” என்பது மட்டுமல்ல, “செலவைத் தாண்டும் அளவுக்கு நல்லதா?” என்பதும்தான். அவர் முன்னால் உள்ள வழிகள் மூன்று: எல்லோருக்கும் வெளியிடலாம், கைவிடலாம், இன்னும் கொஞ்சம் சோதிக்கலாம்.

இதே எண்களை நாலைந்து விதமாக வரையலாம். எந்தப் படத்தைக் காட்டுகிறோமோ, அதைப் பொறுத்து அவர் எடுக்கும் முடிவும் மாறும். அதனால் ஒவ்வொரு படமும் அவர் மனதில் எதை விதைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பச்சை முத்திரை

பல டாஷ்போர்டுகளில் வருவது இதுதான்: “+10%, முக்கியமான வித்தியாசம்” என்று ஒரு வரி, பக்கத்தில் பச்சை அம்பு. கணக்கு தவறில்லை. 5.0-இலிருந்து 5.5 என்றால் ஒப்பீட்டு அளவில் 10% ஏற்றம். பி-மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தெரியும் வாய்ப்பு, 0.025; வழக்கமான 0.05 எல்லைக்குக் கீழே.

இதைப் பார்த்த மேனேஜர் அடுத்த காலாண்டுத் திட்டத்தில் 10% கூடுதல் ஆர்டர் என்று எழுதிவிடுவார். மாதம் 4,000 ஆர்டர் 4,400 ஆகும் என்று நிதிக்குழுவுக்கும் சொல்லிவிடுவார். அந்த 10% ஒரு மதிப்பீடு மட்டுமே என்பதும், இரண்டு பக்கமும் அது எவ்வளவு நகரக்கூடும் என்பதும் படத்தில் எங்கேயும் இல்லை. முத்திரை “வித்தியாசம் பூஜ்யமாக இருப்பது கடினம்” என்று மட்டும் சொல்கிறது. அவருக்கு வேண்டிய எல்லையோ பூஜ்யம் அல்ல, 160 ஆர்டர். முத்திரைக்கு அந்த எல்லை இருப்பதே தெரியாது.

கூடுதலாக ஒரு சாய்வும் உண்டு. 0.05 எல்லையில் தேறிய சோதனைகளை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியிட்டுக்கொண்டே போனால், அவற்றின் மதிப்பீடுகள் சராசரியாக உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும். தற்செயலாக மேலே போனவையும் அந்தப் பொறுக்கலில் சேர்ந்துவிடுவதுதான் காரணம். முத்திரை வைத்த டாஷ்போர்டில் ஓர் ஆண்டு வெற்றிகளைக் கூட்டினால் வரும் தொகை, கடையின் உண்மையான வளர்ச்சியோடு பொருந்தாமல் போவதற்கு இது பெரிய காரணம்.

இரண்டு பட்டை, மேலே பிழைக்கோடு

நிச்சயமின்மையைக் காட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் போவது இங்கேதான். பழையதுக்கு ஒரு பட்டை, புதியதுக்கு ஒரு பட்டை, ஒவ்வொன்றின் தலையிலும் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வரம்பு. நம் எண்களில் பழையது 4.70 முதல் 5.30 வரை, புதியது 5.18 முதல் 5.82 வரை.

இரண்டு கோடுகளும் 5.18-க்கும் 5.30-க்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மேனேஜர் பார்த்தவுடன் சொல்வார்: “ரெண்டும் ஒட்டியிருக்கே, அப்போ வித்தியாசம் இல்லைதானே?” நியாயமான கேள்விதான். ஆனால் விடை தவறு. இதே தரவில் வித்தியாசத்துக்கென்று தனியாக இடைவெளி கணக்கிட்டால் 0.06 முதல் 0.94 சதவீதப் புள்ளி வரை வருகிறது. பூஜ்யம் அதற்கு வெளியே நிற்கிறது.

இது ஏன் இப்படி? பழைய பக்கத்தின் இடைவெளி இரு பக்கமும் 0.30, புதியதன் இடைவெளி 0.32. கண் இரண்டையும் கூட்டிப் பார்க்கிறது: 0.62. வித்தியாசம் 0.5 அதைவிடச் சிறியது, அதனால் “ஒட்டிவிட்டது” என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டு குழுக்களும் தனித்தனியானவை. பழையது தன் உச்சத்திலும், புதியது அதே நேரத்தில் தன் அடியிலும் இருப்பது அரிது. அதனால் பிழைகள் நேராகக் கூடுவதில்லை. வர்க்கங்கள் கூடி வர்க்கமூலமாக வருகின்றன. 0.30-ஐயும் 0.32-ஐயும் அப்படிச் சேர்த்தால் 0.44தான். 0.5 அதைவிடப் பெரியது.

இது மேனேஜர்கள் மட்டும் தடுமாறும் இடம் என்று நினைக்க வேண்டாம். 2005-இல் பெலியா, ஃபிட்லர், வில்லியம்ஸ், கம்மிங் ஆகியோர் ஆய்விதழ்களில் எழுதும் ஆராய்ச்சியாளர்களிடமே இதைச் சோதித்தார்கள். இரண்டு சராசரிகளுக்கு நடுவே வித்தியாசம் மட்டுமட்டாக முக்கியத்துவம் பெறும்படி படத்தை நகர்த்தி வையுங்கள் என்றார்கள். பலர் இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்ளும்படி வைத்தார்கள். நம்பிக்கை இடைவெளிக்கு அது தேவைக்கு மீறிய கடுமை. ஆராய்ச்சியாளர்களுக்கே இப்படி என்றால், திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பார்க்கிற ஒருவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

பட்டைக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பட்டையின் உள்ளே நிறம் நிரம்பியிருப்பதால், உண்மையான மதிப்பு பட்டைக்குள் இருக்க வாய்ப்பு அதிகம், வெளியே குறைவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நியூமனும் ஷோலும் 2012-இல் இதைச் சோதனைகளில் காட்டினார்கள். நம்பிக்கை இடைவெளியோ மேலும் கீழும் சமமாகப் போகிறது. பட்டையை எடுத்துவிட்டு ஒரு குறியும் கோடும் மட்டும் வைத்தால் இந்தத் தொல்லை போய்விடும். ஒட்டுதல் பிரச்சினை போகாது. அதனால் இரண்டு குழுக்களைத் தனித்தனியே காட்டும் படத்தை முடிவெடுக்கும் படமாக வைக்கவே கூடாது என்பது என் கருத்து. அடிப்படை விகிதம் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன அட்டவணை போதும்.

வித்தியாசத்துக்கு ஒரே கோடு

மேனேஜர் தேர்ந்தெடுக்கப் போவது வித்தியாசத்தை. அப்படியானால் வரைய வேண்டியதும் வித்தியாசம்தான். கணக்கு இவ்வளவே:

```python
from math import sqrt
n, a, b = 20000, 1000, 1100
p, q = a/n, b/n
d = q - p
se = sqrt(p*(1-p)/n + q*(1-q)/n)
print(d - 1.96*se, d + 1.96*se)
```

விடை 0.00063, 0.00937. இதை அப்படியே கிடைமட்டக் கோடாகப் போட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்தக் கோட்டைச் சுற்றி என்ன வைக்கிறோம் என்பது.

முதலில் அலகு. “0.06 முதல் 0.94 சதவீதப் புள்ளி” என்பது யாருக்கும் உறைக்காது. 80,000-ஆல் பெருக்கினால் மாதம் 50 முதல் 750 ஆர்டர் வரை, நடுவில் 400. இப்போது பேச்சே மாறிவிடும். “நானூறு வரும்” என்று நம்பியவருக்கு ஐம்பதாகவும் இருக்கலாம் என்பது கண்ணில் படும். ஒப்பீட்டுச் சதவீதத்தில் காட்டலாம்தான். அப்போது இடைவெளி 1.2% முதல் 19.6% வரை. ஆனால் அதில் ஒரு நுணுக்கம்: பழைய பக்கத்தின் 5.0% என்பதும் மதிப்பீடுதான், அதற்கும் பிழை உண்டு. அதனால் மேலே உள்ள இரண்டு முனைகளையும் 5.0-ஆல் வகுத்தால் போதாது. விகிதத்தின் மடக்கையில் இடைவெளியைக் கணக்கிட்டுத் திருப்பி மாற்ற வேண்டும். இந்தத் தரவில் வகுத்தால் 1.3% முதல் 18.7% என்று வரும், பெரிய வித்தியாசமில்லை. ஆர்டர் எண்ணிக்கை குறைவாக உள்ள சோதனைகளில் வித்தியாசம் பெரிதாகும்.

இரண்டாவது, செங்குத்துக் கோடுகள். பூஜ்யத்தில் ஒன்றை எல்லோரும் போடுவார்கள். 160 ஆர்டரில் இன்னொன்றையும் போட வேண்டும். அந்த எண்ணைத் தரவு ஆள் ஊகிக்கக்கூடாது. சோதனை தொடங்கும் முன்பே மேனேஜரிடம் கேட்டு வாங்கி எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு கேட்டால், கோடு முடிவுக்கு ஏற்ற இடத்தில் போய் நின்றுவிடும்.

இரண்டு கோடும் இருந்தால் படத்தை ஒரு நொடியில் படிக்கலாம். இடைவெளி முழுக்க 160-க்கு வலப்பக்கம் இருந்தால் வெளியிடலாம். முழுக்க 160-க்கு இடப்பக்கம் இருந்தால், பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலும் விட்டுவிடலாம்; உதவுகிறது, ஆனால் காசுக்கு ஏற்ற அளவுக்கு இல்லை. 160-ஐ நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பரவியிருந்தால் தரவு இன்னும் பதில் சொல்லவில்லை. நம் சோதனை மூன்றாவது வகை. பச்சை முத்திரை “வெற்றி” என்றது. பட்டைப் படம் “ஒன்றுமில்லை” என்றது. இந்தப் படம் “வித்தியாசம் இருக்கிறது, செலவுக்குக் கட்டுமா என்பது இன்னும் தெளிவில்லை” என்கிறது. மூன்றும் ஒரே தரவு.

அச்சின் அளவையும் கவனியுங்கள். மென்பொருள் தானாக அச்சைச் சுருக்கினால் ஒவ்வொரு சோதனையின் கோடும் திரை முழுக்க நீண்டு ஒரே மாதிரி தெரியும். ஒரே பக்கத்துக்கான சோதனைகளுக்கு ஒரே அச்சு வைத்தால்தான் எந்தச் சோதனை துல்லியமானது, எது மங்கலானது என்பது கோட்டின் நீளத்திலேயே தெரியும். அப்புறம், ஒரே ஆள் மூன்று முறை வந்தால் அதை மூன்றாக எண்ணிக் கணக்கிட்டிருந்தால் இடைவெளி தேவைக்கு மேல் குறுகலாக வரும். ஆட்களைப் பிரித்துச் சோதித்தால் ஆட்களையே எண்ண வேண்டும்.

கோட்டின் முனைகள் சொல்லும் பொய்

ஒற்றைக் கோட்டுக்கும் ஒரு குறை உண்டு. 50-இலிருந்து 750 வரை ஒரே தடிமனில் கோடு ஓடினால், 50-க்கும் 400-க்கும் ஒரே வாய்ப்பு என்று படிக்கத் தோன்றும். முனையைத் தாண்டினால் சாத்தியமே இல்லை என்றும் தோன்றும். இரண்டும் உண்மையில்லை. தரவு நடுப்பகுதியோடு நன்றாக ஒத்துப்போகிறது. முனைகளை நெருங்க நெருங்கப் பொருத்தம் குறைகிறது. முனையில் சுவர் எதுவும் கிடையாது.

எளிய திருத்தம்: 95% கோட்டின் மேலேயே 50% இடைவெளியைத் தடிமனாக வரைவது. நம் தரவில் தடித்த பகுதி 280 முதல் 520 ஆர்டர் வரை. மெல்லிய கோடு 50 வரை நீண்டாலும், தடித்த பகுதி 160-க்கு நன்றாகவே வலப்பக்கம் நிற்கிறது. கோரலும் கிளெய்ச்சரும் 2014-இல் பட்டை, பிழைக்கோடு படங்களுக்கு மாற்றாக நிறம் மெல்ல மங்கும் படங்களையும் வயலின் வடிவப் படங்களையும் முன்வைத்தார்கள், நோக்கம் இதேதான். மங்கும் நிறம் பார்க்க அழகு. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு மங்கல் என்று யாரும் எண்ணாகச் சொல்ல முடியாது. புரொஜெக்டரில் போட்டால் பாதி மங்கல் காணாமல் போகும். தடித்த கோடும் மெல்லிய கோடும் கூட்டத்துக்குத் தாங்கும்.

எண்ணிப் பார்க்கும் வட்டங்கள்

மேனேஜர் கேட்கும் அடுத்த கேள்வி கிட்டத்தட்ட எப்போதும் இதுதான்: “சரி, 160-ஐத் தாண்ட எவ்வளவு வாய்ப்பு?” நம்பிக்கை இடைவெளி இதற்குப் பதில் சொல்லாது. 95% என்பது முறையைப் பற்றிய வாக்குறுதி: இப்படிப்பட்ட சோதனைகளைத் திரும்பத் திரும்ப நடத்தி ஒவ்வொரு முறையும் இடைவெளி போட்டால் 95% இடைவெளிகள் உண்மையான மதிப்பைப் பிடித்திருக்கும். அவர் கேட்பதோ இந்த ஒரு சோதனையைப் பற்றி. அதற்கு, சோதனைக்கு முன்பிருந்த எண்ணத்தைத் தரவோடு சேர்த்து வாய்ப்பைச் சொல்லும் பேயீசியக் கணக்கு வேண்டும்.

அந்த விடையைக் காட்ட நல்ல வழி வட்டப் படம். பரவலை 20 சம பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சின்ன வட்டம், அடுக்கி வைக்க வேண்டும். 2016-இல் கே, கோலா, ஹல்மன், மன்சன் ஆகியோர் பேருந்து வரும் நேரத்தின் நிச்சயமின்மையைப் பயணிகளுக்குக் காட்ட இதைச் சோதித்தார்கள். வளைகோட்டின் பரப்பை யாரும் கண்ணால் அளக்க முடியாது, வட்டத்தை எண்ணலாம்.

முன்கூட்டிய எண்ணம் எதுவும் இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால் நம் சோதனையில் 160-க்கு இடப்பக்கம் 2 வட்டம், வலப்பக்கம் 18. “இருபதில் பதினெட்டு” என்றால் எந்த மேனேஜரும் வெளியிடுவார்.

இங்கேதான் நிதானம் வேண்டும். அந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? புதிய பக்கம் ஆர்டரை 2 சதவீதப் புள்ளி உயர்த்துவதும் 0.1 உயர்த்துவதும் சோதனைக்கு முன் ஒரே அளவு நம்பத்தக்கவை என்ற அனுமானத்திலிருந்து. செக்அவுட் சோதனைகளை நடத்திய யாரும் அப்படி நம்புவதில்லை. பெரும்பாலான மாற்றங்களின் விளைவு சிறியது. கடையின் முந்தைய சோதனைகளில் உண்மையான விளைவுகள் பூஜ்யத்தைச் சுற்றி 0.3 சதவீதப் புள்ளி திட்டவிலக்கத்தோடு பரவியிருந்தன என்று வைத்துக்கொள்வோம். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் நடு மதிப்பு 0.5-இலிருந்து 0.32-க்கு இறங்குகிறது, ஆர்டரில் சொன்னால் 400-இலிருந்து 260-க்கு அருகில். வட்டங்கள் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 15.

பதினெட்டா பதினைந்தா என்பது தரவில் இல்லை, அனுமானத்தில் இருக்கிறது. அதனால் வட்டப் படத்தைக் காட்டினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்: ஒன்று “இந்தச் சோதனை மட்டும்”, மற்றது “பழைய சோதனைகளையும் சேர்த்து”. பழைய சோதனைகளின் பதிவு ஒழுங்காக இல்லாத நிறுவனத்தில் வட்டப் படத்தை டாஷ்போர்டில் நிரந்தரமாக வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தோற்ற சோதனைகளைப் பதியாமல் வென்றவற்றை மட்டும் வைத்திருந்தால், அந்த அனுமானம் பொய்யான தைரியத்தையே தரும்.

நாள்தோறும் நகரும் பட்டி

நாள் செல்லச் செல்ல இடைவெளி எப்படிக் குறுகுகிறது என்று காட்டும் படம் மேனேஜர்களுக்கு மிகவும் பிடிக்கும். கற்பிக்க நல்லதுதான். முடிவெடுக்க ஆபத்தானது. மேலே உள்ள 1.96 கணக்கு, சோதனை முடிந்ததும் ஒரே ஒரு முறை பார்ப்பதற்கு உரியது. வித்தியாசமே இல்லாத இரண்டு பக்கங்களை வைத்து, சம இடைவெளியில் 10 முறை பார்த்து, என்றாவது பூஜ்யம் வெளியே போனால் நிறுத்திவிடுவோம் என்றால், தவறாக “வெற்றி” சொல்லும் வாய்ப்பு 5% அல்ல, சுமார் 19%. அப்படிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எந்த நாளில் பார்த்தாலும் செல்லுபடியாகும் தொடர் இடைவெளிகளைப் பயன்படுத்த வேண்டும். அவை அகலமாக இருக்கும்; அந்த அகலம்தான் அடிக்கடி பார்ப்பதற்கான விலை.

நம் மேனேஜர் “இன்னும் இரண்டு வாரம் ஓட்டலாம்” என்று சொன்னால் அதுவும் இரண்டாவது பார்வைதான். தொடக்கத்திலேயே இரண்டு பார்வை என்று திட்டமிட்டிருந்தால், இரண்டு முறையும் 1.96-க்குப் பதில் 2.18 என்ற பெருக்கெண்ணைப் போட்டால் மொத்தப் பிழை 5%-க்குள் நிற்கும். அப்படி இரட்டிப்புத் தரவோடு, நடு மதிப்பு 0.5-இலேயே நின்றால், இடைவெளி மாதம் சுமார் 125 முதல் 675 ஆர்டர் வரை வரும். அதாவது நான்கு வாரம் கழித்தும் 160 உள்ளேயேதான் இருக்கக்கூடும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் “ரெண்டு வாரத்தில் தெளிவாகிடும்” என்ற எதிர்பார்ப்பு எழாது. இடைவெளியைப் பாதியாக்க நான்கு மடங்கு தரவு வேண்டும்.

நான் எதை வைப்பேன்

நிரந்தர டாஷ்போர்டில் வித்தியாசத்தின் ஒற்றைக் கோடு, உள்ளே தடித்த 50% பகுதி, பூஜ்யத்திலும் மேனேஜர் முன்பே சொன்ன எல்லையிலும் செங்குத்துக் கோடுகள், அலகு மாத ஆர்டர். சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்களின் எண்ணிக்கையும் பிரிப்பு சமமாக இருக்கிறதா என்பதும் மட்டும் தெரியட்டும். கோடு திட்டமிட்ட நாளில் திறக்கட்டும். எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சோதனைகளுக்கு மட்டும், பழைய பதிவுகள் கைவசம் இருந்தால், இரண்டு வட்டப் படங்கள்.

படத்தின் கீழே ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும், அதில் நடு எண்ணைத் தனியாக விடக்கூடாது. திட்ட அறிக்கைக்குள் நகலெடுக்கப்படுவது அந்த வரிதான். படம் அங்கே போய்ச் சேராது. இந்தச் சோதனைக்கு நான் எழுதுவது: “புதிய செக்அவுட்டால் மாதம் 50 முதல் 750 ஆர்டர் வரை கூடலாம், செலவுக்கு 160 வேண்டும், தரவு பெரும்பாலும் அதற்கு மேலே சாய்கிறது, ஆனால் கீழே இருப்பதையும் மறுக்கவில்லை. திட்டத்தில் சேர்ப்பதாக இருந்தால் 400-க்குப் பதில் 260 என்று சேர்க்கவும்.” முகவரிச் சேவையை மாதாமாதம் ரத்து செய்ய முடியும் என்றால் இந்த நிலையிலேயே வெளியிடலாம். ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும் என்றால் கையெழுத்துக்கு முன் புதிதாக இன்னொரு சோதனை ஓட்டச் சொல்வேன்.